பாக்கி இருக்கிறது, வழக்குப் போட வழியில்லை

ஈரோட்டுப் பக்கம் விசைத்தறி வைத்து, காடாத் துணி நெய்து விற்கும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். அண்ணன், தம்பி, மைத்துனர் என மூவர் பங்குதாரர்கள். கற்பனை நிறுவனம்தான், ஆனால் இதேபோல் இருப்பவை ஏராளம். 2016இல் முத்திரைத்தாளில் ஒரு பங்குதாரர் ஒப்பந்தம் எழுதி, நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி வைத்தார்கள். நிறுவனத்தின் பெயரில் பான் எண் வாங்கினார்கள், வங்கியில் நடப்புக் கணக்குத் தொடங்கினார்கள், ஜி.எஸ்.டி. வந்ததும் அதிலும் பதிந்தார்கள். வருமான வரிக் கணக்கு ஆண்டு தவறாமல் போகிறது. ஒரு குறையும் இல்லை என்றுதான் மூவரும் நினைத்திருந்தார்கள்.

2022 ஜூன் 1ஆம் தேதி ஒரு மொத்த வியாபாரிக்கு 3,80,000 ரூபாய்க்குச் சரக்கு அனுப்பினார்கள். ஒரு லட்சம் கையோடு வந்துவிட்டது. மீதி 2,80,000 ரூபாய்க்கு அறுபது நாள் தவணை என்று பில்லிலேயே எழுதியிருந்தது. தவணை ஜூலை 31ஆம் தேதி முடிந்தது, பணம் வரவில்லை. கேட்டால் அடுத்த வாரம் என்ற பதில். ஒரு வருடத்துக்கு மேல் நடையாய் நடந்துவிட்டு, 2023 நவம்பரில் நிறுவனத்தின் பெயரில் வழக்குப் போட்டார்கள். பில், லாரி ரசீது, இ-வே பில், பேரேட்டு நகல் எல்லாம் கச்சிதமாக இருந்தன. சரக்கு வந்தது உண்மை, பணம் தராததும் உண்மை. பிரதிவாதி என்னதான் சொல்லிவிட முடியும்?

அவர் சரக்கைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. 2024 ஏப்ரலில் தாக்கல் செய்த எதிர்வழக்குரையில் முதல் பத்தியே இதுதான்: வாதி நிறுவனம் பதிவு செய்யப்படாத பங்குதாரர் நிறுவனம், ஆகவே இந்திய கூட்டாண்மைச் சட்டம், 1932இன் 69ஆம் பிரிவின்படி இந்த வழக்கு நிற்காது.

அண்ணன் வக்கீலிடம் ஓடினார். "பதிவு இல்லைன்னு எப்படிங்க சொல்றாங்க? ஜி.எஸ்.டி. சர்டிபிகேட் இருக்குதுங்க, பத்திரம் இருக்குதுங்க, பேங்க் அக்கவுண்ட் கம்பெனி பேருலயே இருக்குதுங்க சார்."

"அதெல்லாம் இருக்குதுங்கண்ணா. ஆனா ஃபர்ம் ரிஜிஸ்திரேசன் சர்டிபிகேட் இருக்குதுங்களா?"

அது இல்லை. அப்படி ஒன்று வேண்டும் என்று யாரும் அவர்களிடம் சொன்னதே இல்லை.

குழப்பம் பிறக்கும் இடம் இதுதான், ஆகவே இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஜி.எஸ்.டி. பதிவு வரிக்காக. பான் எண் வருமான வரிக்காக. ஒப்பந்தப் பத்திரத்தை நோட்டரி சான்றளிப்பது, கையெழுத்துப் போட்டவர்கள் இவர்கள்தான் என்பதற்காக. ஏன், அந்த ஒப்பந்தத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஓர் ஆவணமாகப் பதிவு செய்திருந்தால்கூட, அது பத்திரத்தின் பதிவுதான், நிறுவனத்தின் பதிவு ஆகாது. நிறுவனத்தின் பதிவு என்பது நிறுவனங்களின் பதிவாளர் வைத்திருக்கும் பதிவேட்டில் அந்த நிறுவனத்தின் பெயரும் அதன் பங்குதாரர்களின் பெயர்களும் ஏறுவது. அந்தப் பதிவேட்டில் ஏறாத நிறுவனம் ஒப்பந்தத்திலிருந்து எழும் உரிமைக்காக வெளியார் மீது நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க முடியாது என்பதுதான் 69ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு. விற்ற சரக்கின் விலை, செய்த வேலைக்கான கூலி, கொடுத்த கடன் என வியாபாரத்தில் வரவேண்டிய பாக்கி ஏறக்குறைய எல்லாமே ஒப்பந்தத்திலிருந்து எழுபவைதான்.

இத்தனைக்கும் பதிவு செய்தே தீர வேண்டும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. பதியாமல் தொழில் நடத்துவது குற்றமல்ல, அபராதமும் கிடையாது. 1932க்கு முன்னால் பங்குதாரர் தொழில் பற்றிய விதிகள் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் ஓர் அத்தியாயமாக இருந்தன. அங்கே பதிவு என்ற பேச்சே இல்லை. அதில் ஒரு தொல்லை இருந்தது. நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர் பணத்தைக் கேட்டு வரும்போது, நான் பங்குதாரரே இல்லை என்று ஒவ்வொருவராக நழுவிவிடலாம். யார் யார் பங்குதாரர்கள் என்று நிரூபிக்கும் சுமை கடன் கொடுத்தவர் தலையில். அதற்கு மருந்தாகத்தான் தனிச் சட்டம் கொண்டுவந்தபோது பதிவேடு ஒன்றை ஏற்படுத்தினார்கள். பதிவேட்டில் தன்னைப் பங்குதாரர் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டவர் பிறகு மறுக்க முடியாது. நாலு நாள் கூட்டு வியாபாரம் செய்கிற சிறு ஆட்களையும் இதற்குள் கட்டாயமாக இழுக்க வேண்டாம் என்பதால் பதிவை விருப்பத்துக்கு விட்டார்கள். பதியாதவருக்கு வைத்த விலை ஒன்றே ஒன்று: நீதிமன்றத்தின் உதவி கிடையாது. சட்டத்தின் மற்ற பிரிவுகள் 1932 அக்டோபர் 1ஆம் தேதி அமலுக்கு வந்தன. இந்த 69ஆம் பிரிவு மட்டும் சரியாக ஓராண்டு கழித்து, 1933 அக்டோபர் 1இல் அமலுக்கு வந்தது. பதிந்துகொள்ள ஓராண்டு அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். விளைவு எவ்வளவு கடுமையானது என்று எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

கடுமை என்று சொல்லக் காரணம், இந்தத் தடை ஒரு பக்கமாக மட்டுமே அடிக்கிறது. பதியாத நிறுவனம் மற்றவர் மீது வழக்குப் போட முடியாது. மற்றவர் அந்த நிறுவனத்தின் மீது தாராளமாகப் போடலாம். நம் ஈரோட்டு நிறுவனம் அதே மொத்த வியாபாரியிடம் 90,000 ரூபாய்க்கு நூல் வாங்கிப் பணம் தராமல் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அவர் அந்தத் தொகைக்கு வழக்குப் போடுகிறார். எனக்கு நீங்கள் 2,80,000 தர வேண்டும், அதில் இந்த 90,000ஐக் கழித்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதுதானே இயல்பு? அதைச் சொல்லவும் முடியாது. இப்படி எதிர்க்கடனைக் கழிக்கக் கோருவதையும் மூன்றாம் உட்பிரிவு தடுக்கிறது. நூல் வரவே இல்லை, பணம் ஏற்கெனவே கொடுத்தாயிற்று என்றெல்லாம் எதிர்வாதம் செய்யலாம், அதற்குத் தடையில்லை. ஆனால் தன் பாக்கியை எடுத்து எதிரே வைக்க முடியாது. 90,000 கட்டிவிட்டு, தனக்கு வர வேண்டிய 2,80,000க்காகக் காத்திருக்க வேண்டியதுதான். இதற்கு விலக்காகச் சட்டம் வைத்திருக்கும் சிறுதொகை வரம்பு நூறு ரூபாய். 1932இல் அது ஒரு தொகை. மத்தியச் சட்டத்தில் இன்றும் அதே நூறுதான். இதை உயர்த்தாமல் விட்டது சிறு தொழில் செய்பவர்களுக்கு இழைத்த அநியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கடன் செத்துவிடவில்லை. பதிவு இல்லாததால் ஒப்பந்தம் செல்லாததாகிவிடாது. வியாபாரி நாளையே மனம் மாறிப் பணத்தைக் கொடுத்தால் அது முறையாக வந்த பணம்; பிறகு, உங்கள் நிறுவனம் பதியாதது, திருப்பித் தாருங்கள் என்று அவர் கேட்க முடியாது. தடை இருப்பது நீதிமன்ற வாசலில் மட்டும். அந்த வாசலைத் திறக்கும் சாவியும் கையெட்டும் தூரத்திலேயே இருக்கிறது: வழக்குத் தொடுக்கும் நாளில் நிறுவனம் பதிவாகியிருந்தால் போதும். சரக்கு விற்ற நாளில் பதிவாகியிருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. ஆறு வருடம் பதியாமல் வியாபாரம் செய்த நிறுவனம் இன்றைக்குப் பதிந்துகொண்டு, நேற்றைய பாக்கிக்காக நாளை வழக்குப் போடலாம். இதை அறியாமல், பழைய பாக்கி போனது போனதுதான் என்று விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி விட வேண்டியதில்லை.

இதன் மறுபக்கம்தான் நம் மூவரையும் சிக்க வைத்தது. வழக்குப் போட்ட பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்தால், ஏற்கெனவே போட்ட வழக்கு பிழைக்காது. டெல்லி வளர்ச்சி ஆணையத்துக்கும் ஒரு கட்டுமான நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் 1998இல் உச்ச நீதிமன்றம் இதைத் திட்டவட்டமாகச் சொன்னது: பதியாத நிலையில் தொடங்கிய நடவடிக்கை தொடக்கத்திலேயே செல்லாதது, பின்னால் செய்யும் பதிவு அதைச் சரிப்படுத்தாது. பிராதைத் திருத்தி, இப்போது பதிந்துவிட்டோம் என்று ஒரு பத்தி சேர்த்தாலும் பயனில்லை. இதில் ஒரு நுணுக்கமும் உண்டு. விண்ணப்பம் கொடுத்த தேதி பதிவுத் தேதி ஆகாது. பதிவாளர் ஏட்டில் ஏற்றும் நாள்தான் பதிவு நாள் என்று 1971இல் ஒரு வருமான வரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு, ஒப்புகைச் சீட்டோடு அன்று மாலையே வழக்கையும் போட்டுவிடலாம் என்று அவசரப்படுபவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

அப்படியானால் ஈரோட்டு மூவருக்கு என்ன வழி? இனி எல்லாம் காலக்கெடுவைப் பொறுத்தது. தவணை வைத்து விற்ற சரக்கின் விலையைக் கேட்க, தவணை முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு அவகாசம். தவணை 2022 ஜூலை 31இல் முடிந்தது. ஆகவே 2025 ஜூலை 31க்குள் முறையான வழக்கு ஒன்று நீதிமன்றத்துக்குள் போயாக வேண்டும். எதிர்வழக்குரை வந்தது 2024 ஏப்ரலில். கையில் பதினைந்து மாதம் இருக்கிறது.

இங்கே இரண்டு பாதை பிரிகிறது. ஒன்று, வீம்புக்கு வழக்கை நடத்துவது. சாட்சி விசாரணை, குறுக்கு விசாரணை, வாதம் என்று 2026 வரை இழுத்து, கடைசியில் 69ஆம் பிரிவின்படி தள்ளுபடி ஆகும். அந்த நாளில் பதிந்துகொண்டு புது வழக்குப் போடப் போனால், மூன்றாண்டுக் கெடு முடிந்து பல மாதம் ஆகியிருக்கும். மற்றது, தவறை உடனே ஒப்புக்கொள்வது. 2024 ஜூனுக்குள் நிறுவனத்தைப் பதிவு செய்து, பழைய வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டு புது வழக்குத் தொடுக்க அனுமதி வேண்டும் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 23, விதி 1இன் கீழ் மனுக் கொடுப்பது. அந்த அனுமதி உத்தரவில் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்பேச்சில் வழக்கை வாபஸ் வாங்கிவிட்டு வந்தால், அதே பாக்கிக்குத் திரும்பவும் போட முடியாமல் போகும். அனுமதி கிடைத்ததும் செப்டம்பரிலோ அக்டோபரிலோ புது வழக்கு உள்ளே போய்விட்டால் கெடுவுக்குள் ஒன்பது பத்து மாதம் மீதி. மறுபடியும் நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். தமிழ்நாட்டில் பண வழக்குக்கு நூற்றுக்கு மூன்று என்ற கணக்கில் 2,80,000 ரூபாய்க்கு 8,400 ரூபாய். வலிக்கும்தான், ஆனால் இரண்டே முக்கால் லட்சத்துக்கும் மேல் போவதோடு ஒப்பிட்டால் இது தாங்கக்கூடியது.

கெடு முடிந்துவிட்டவர்களுக்கு ஒரு மெல்லிய நூல் இருக்கிறது. காலவரையறைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, நல்லெண்ணத்தோடும் உரிய கவனத்தோடும் ஒரு வழக்கை நடத்தி, நீதிமன்றத்துக்கு அதிகார வரம்பு இல்லாமை போன்ற காரணத்தால் அது தோற்றிருந்தால், அதில் கழிந்த காலத்தைக் கணக்கிலிருந்து நீக்க இடம் தருகிறது. பதிவின்மையும் அதுபோன்ற ஒரு காரணமே என்று வாதாடலாம். ஆனால் பிரதிவாதி முதல் எதிர்வழக்குரையிலேயே குறையைச் சுட்டிக்காட்டிய பிறகும் இரண்டு வருடம் அசையாமல் இருந்தவர், உரிய கவனத்தோடுதான் நடத்தினேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? இந்த நூலை நம்பி ஆற்றில் இறங்காமல் இருப்பதே நல்லது. கெடு முடியும் முன்பு கடன்காரர், இவ்வளவு பாக்கி உண்டு என்று எழுதிக் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று வாங்கி வைத்திருந்தால், அந்தத் தேதியிலிருந்து மூன்றாண்டு புதிதாக ஓடும். ஆண்டு முடிவில் பாக்கி உறுதிக் கடிதம் வாங்கும் பழக்கம் எவ்வளவு மதிப்புள்ளது என்பது இப்படிப்பட்ட நேரத்தில்தான் தெரியும்.

இப்போது, பதிவு செய்துவிட்டோம், நமக்குக் கவலையில்லை என்று இருப்பவர்களிடம் வருகிறேன். இவர்களில் பலருக்கும் ஆபத்து காத்திருக்கிறது. சட்டம் கேட்பது இரண்டு. நிறுவனம் பதிவாகியிருக்க வேண்டும். அதோடு, வழக்குத் தொடுப்பவர்கள் பதிவேட்டில் பங்குதாரர்களாகக் காட்டப்பட்டிருக்கவும் வேண்டும். முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். அப்பாவும் சித்தப்பாவும் 1995இல் பதிந்த நிறுவனம். சித்தப்பா விலகினார், மகன் சேர்ந்தார். புது ஒப்பந்தம் எழுதினார்கள், வங்கிக்குக் கொடுத்தார்கள், ஜி.எஸ்.டி.யில் மாற்றினார்கள். பதிவாளர் ஏட்டில் மட்டும் இன்றும் அப்பாவும் சித்தப்பாவும்தான். அப்பாவும் மகனும் பங்குதாரர்களாக நின்று வழக்குப் போட்டால் அது நிற்காது. ஸ்ரீராம் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷன் வழக்கில் 1989இல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. நிறுவனம் முறையாகப் பதிவாகியிருந்தது. இடையில் பங்குதாரர்கள் மாறியிருந்தார்கள். வழக்குப் போட்ட நாளில் அந்த மாற்றம் ஏட்டில் ஏறவில்லை. வழக்கு தள்ளுபடி.

பிரதிவாதியின் வக்கீல் இதைக் கண்டுபிடிப்பது மிக எளிது. நிறுவனத்தின் பெயரில் வழக்குப் போட்டால், பங்குதாரர்கள் யார் யார் என்று எழுத்தில் தெரிவிக்கும்படி கேட்க ஆணை 30 அவருக்கு உரிமை தருகிறது. பதிவேடோ கட்டணம் செலுத்தி யாரும் பார்க்கக்கூடிய ஒன்று. நீங்கள் கொடுத்த பட்டியலையும் ஏட்டின் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

எல்லாக் கதவும் மூடியிருக்கிறது என்று எண்ண வேண்டாம். வியாபாரி பாக்கிக்குக் காசோலை கொடுத்து அது பணமில்லாமல் திரும்பியிருந்தால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் கொடுப்பது குற்றவியல் புகார். 69ஆம் பிரிவு தடுப்பது உரிமையியல் நடவடிக்கைகளை மட்டுமே என்று உயர் நீதிமன்றங்கள் பலவும் கூறியிருக்கின்றன. சட்டப்படி வசூலிக்க முடியாத கடனுக்குக் கொடுத்த காசோலை இது என்று எதிர்த்தரப்பு வாதிடத்தான் செய்யும். கடன் சாகவில்லை, வழக்குப் போடும் உரிமைதான் தடைபட்டிருக்கிறது என்பதே அதற்குப் பதில். இந்த வழியில் கெடு மிகக் குறுகியது. காசோலை திரும்பிய தகவல் வந்த முப்பது நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், நோட்டீஸ் சேர்ந்து பதினைந்து நாளில் பணம் வராவிட்டால் அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் நடுவர் தீர்வு என்ற பிரிவு இருந்தால் அதுவும் ஒரு வழி. நடுவர் முன் நடக்கும் விசாரணையை 69ஆம் பிரிவு தடுக்காது என்று 2016இல் உமேஷ் கோயல் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் எதிர்த்தரப்பு ஒத்துழைக்காமல், நடுவரை நியமித்துத் தரச் சொல்லி நீதிமன்றத்துக்குப் போக வேண்டி வந்தால் பழைய சிக்கல் திரும்ப வரும். அப்படிப்பட்ட மனுவும் தடைக்குள் அடங்கும் என்று பழைய நடுவர் சட்டத்தின் கீழ் 1964இலேயே, ஜகதீஷ் சந்திர குப்தா வழக்கில் தீர்ப்பு வந்திருக்கிறது.

ஒப்பந்தத்தைச் சாராத உரிமைகளுக்கும் தடையில்லை. குத்தகைக் காலம் முடிந்தும் இடத்தைக் காலி செய்யாதவரைச் சொத்துரிமைச் சட்டப்படி வெளியேற்றக் கோரலாம். உங்கள் வணிகப் பெயரைத் திருடி விற்பவரைத் தடுக்கக் கோரலாம். இரண்டாவதைத் தெளிவாக்கியது 2000இல் வந்த ஹல்திராம் பூஜியாவாலா தீர்ப்பு. ஆனால் விற்ற சரக்கின் விலையை இந்த வகைக்குள் நுழைத்துவிடலாம் என்று நினைப்பது வீண். சரக்கு விற்பனைச் சட்டம் என்று ஒன்று இருப்பதால் விலை கேட்கும் உரிமை சட்டம் கொடுத்த உரிமை ஆகிவிடாது. அதன் வேர் விற்பனை ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது.

நிறுவனம் உண்மையிலேயே கலைக்கப்பட்டுவிட்டால் தடை தளர்கிறது. கலைந்த நிறுவனத்தின் சொத்தைத் திரட்டும் உரிமையைச் சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. வரவேண்டிய பாக்கியும் அந்தச் சொத்தில் சேர்த்திதான். இதைக் கேட்டதும், அப்படியானால் காகிதத்தில் கலைத்துவிட்டு வசூலுக்குப் போவோம் என்று சிலருக்குத் தோன்றும். கடை அதே இடத்தில், அதே ஜி.எஸ்.டி. எண்ணில் நடந்துகொண்டிருக்கும்போது கலைத்துவிட்டோம் என்று கூண்டில் ஏறிச் சொன்னால், குறுக்கு விசாரணையில் நான்கு கேள்வி தாங்காது. அதைவிடப் பதிந்துகொள்வது சுலபம்.

எவ்வளவு சுலபம் என்பதையும் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டில் நிறுவனங்களின் பதிவாளர் பொறுப்பை மாவட்டப் பதிவாளர்கள் வகிக்கிறார்கள். பதிவுத் துறையின் tnreginet.gov.in தளம் வழியாக விண்ணப்பிக்கலாம். கேட்கும் விவரம் அதிகமில்லை: நிறுவனத்தின் பெயர், முதன்மை அலுவலக முகவரி, கிளைகள் இருந்தால் அவற்றின் முகவரி, ஒவ்வொரு பங்குதாரரும் சேர்ந்த தேதி, அவர்களின் முழுப்பெயரும் நிரந்தர முகவரியும், நிறுவனத்துக்குக் கால அளவு வைத்திருந்தால் அது. எல்லாப் பங்குதாரர்களும் கையெழுத்திட வேண்டும். ஒருவர் பெயரை விட்டாலோ சேர்ந்த தேதியை மாற்றி எழுதினாலோ அந்தப் பிழை ஏட்டிலும் ஏறும். பிறகு அதைத் திருத்தத் தனியாக அலைய வேண்டும். ஒப்பந்தத்தில் இருப்பது ஒன்று, ஆதாரில் இருப்பது வேறு என்று பெயரெழுத்துகள் மாறியிருந்தால், பதிவுக்குப் போகும் முன்பே சரிசெய்துகொள்வது பின்னாளில் வரும் தகராற்றைத் தவிர்க்கும்.

ஏட்டில் ஏறிய பிறகு அதை உயிரோடு வைத்திருக்க வேண்டும். பங்குதாரர் சேர்ந்தாலும் விலகினாலும் 63ஆம் பிரிவின்படி பதிவாளருக்கு அறிவிக்க வேண்டும். முகவரி மாறினாலும் அப்படியே. ஒருவர் இறந்துபோகும்போதுதான் இது பெரும்பாலும் மறந்துபோகிறது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய ஒரு பங்குதாரரின் மரணத்தோடு நிறுவனமே கலைந்துவிடும் என்பது சட்டம். ஆகவே ஒருவர் மறைந்தாலும் மற்றவர்கள் தொடரலாம் என்ற வாசகம் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இருந்தால், மறைந்தவர் பெயரை நீக்கி, வாரிசு சேர்கிறார் என்றால் அவர் பெயரைச் சேர்த்து ஏட்டைத் திருத்த வேண்டும்.

வக்கீலிடம் போவதற்கு முன் செய்ய வேண்டியது, பதிவேட்டின் சான்றிட்ட நகல் ஒன்றை அன்றைய நிலையில் வாங்குவது. பல வருடத்துக்கு முன்பு வாங்கிப் பீரோவில் வைத்த சான்றிதழ் போதாது. இன்று ஏட்டில் யார் பெயர் இருக்கிறது என்பதுதான் கேள்வி. அந்த நகலில் உள்ள பெயர்களும் இன்று உண்மையில் பங்குதாரர்களாக இருப்பவர்களின் பெயர்களும் ஒன்றாக இருந்தால், பிராதில் நிறுவனம் பதிவானது என்ற வாசகத்தையும் பதிவு எண்ணையும் எழுதி, அந்த நகலை முதல் ஆவணமாகச் சேர்க்கச் சொல்லலாம். ஒரு பெயர் பிசகினாலும் நோட்டீஸ் அனுப்புவதைத் தவிர வேறெதுவும் செய்யாமல் நிறுத்தி, முதலில் ஏட்டைத் திருத்த வேண்டும். ஏட்டில் அந்தத் திருத்தம் ஏறிய தேதி கைக்கு வந்த பிறகுதான் வழக்குத் தேதி. அதற்குள் கெடு நெருங்கினால், கடன்காரரிடம் பாக்கியை ஒப்புக்கொண்டு ஒரு கையெழுத்து வாங்க முடியுமா என்று முயல வேண்டும்.